லாரிக்கு என்ன பெயர் வைப்பது?

கொங்குப் பக்கம் ஒரு பேரூராட்சி. பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். டேங்க் வழிந்தால் யாராவது ஒரு தனியார் லாரிக்காரருக்குப் போன் போடுவார்கள், அவர் வந்து உறிஞ்சிக்கொண்டு போவார். இந்த வழக்கத்தை மாற்ற அங்கே ஓர் ஏற்பாடு செய்தார்கள். டேங்க் வழிந்தாலும் வழியாவிட்டாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரியே தெருத் தெருவாக வரும். எந்தத் தெரு எந்த மாதம் என்று பேரூராட்சி வரிசை போடும். கட்டணத்தை மொத்தமாகக் கேட்காமல் சொத்து வரியோடு சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்ளும்.

நோட்டீஸ், சுவர் எழுத்து, ஆட்டோவில் கட்டும் ஒலிபெருக்கிக்கான வாசகம் இதையெல்லாம் எழுதித்தர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனால், திட்டத்துக்குப் பெயரே முடிவாகவில்லை. ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எப்படி முடிவுக்கு வந்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பெயர் எந்த நம்பிக்கையோடு மோதப் போகிறது என்று தெரிய வேண்டும். "எங்க டேங்க் கட்டி இருபது வருஷம் ஆச்சுங்க, ஒரு தடவைகூட எடுத்ததில்லை" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். உண்மையில் அது பெருமைப்படும் விஷயமில்லை. டேங்குக்குள் கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் நிற்கும் தண்ணீர் மட்டும் வெளியேறும். அடியில் படிந்த கசடு ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால், வரும் கழிவு தங்கிப் படிய நேரம் கிடைக்காது. அப்படியே கலங்கலாகச் சாக்கடைக்கோ உறிஞ்சு குழிக்கோ போய்விடும். வீட்டுக்காரர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அடியில் தளமே போடாமல் கட்டிய டேங்க் என்றால் நிரம்பவே நிரம்பாது, எல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும், பக்கத்துக் கிணறு வரைக்கும் போகலாம்.

ஆக, ஒன்றும் கெட்டுப்போகாதபோதே வந்து நிற்கப் போகிற லாரி இது. காலை பத்து மணிக்கு வீட்டில் ஒரு பெண்மணி மட்டும் இருப்பார். வாசலில் லாரி, இரண்டு ஆட்கள், தோளில் குழாய். "நாங்க கூப்பிடவே இல்லையே" என்பார். அந்த இடத்தில் பணியாளர் ஒரே சொல்லில் திட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவருக்கு விஷயம் புரிந்து கேட் திறக்க வேண்டும். பெயருக்கு அந்த வாசலில்தான் வேலை என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

கோப்பில் ஏற்கெனவே இருந்த பெயர் 'திட்டமிட்ட கால இடைவெளியில் மலக்கசடு அகற்றும் திட்டம்'. பொறியாளருக்கு இதுதான் பிடித்திருந்தது. அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. இதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. எதை எடுக்கிறோம், எப்படி எடுக்கிறோம் இரண்டும் பெயரிலேயே இருக்கிறது. 'கழிவுநீர்' என்று போட்டிருந்தால் குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் அதில் சேர்ந்துகொள்ளும். 'மலக்கசடு' அந்தக் குழப்பத்துக்கு இடம் தருவதில்லை.

ஆனால் ஆட்டோவில் கட்டி ஒருநாள் ஓட்டிப் பார்த்தபோது வேறு குழப்பம் வந்தது. குழாய் ஒலிபெருக்கியில் ல, ள, ழ மூன்றும் ஒன்றுபோலத்தான் விழுகின்றன. அதிலும் ஆட்டோ நகர்ந்துகொண்டே இருக்கும். டீக்கடையில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம், "என்னங்க சொல்லிட்டுப் போறாங்க?" என்று கேட்டேன். "மழைத்தண்ணி சேமிக்கிறதைப் பத்தி என்னமோ சொல்றாங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கிய நாளிலிருந்து, 'மழ' என்று காதில் விழுந்தவுடன் மீதியை மனசு தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

வீடு வீடாகப் போன பெண் பரப்புரையாளர்களுக்கு இன்னொரு சங்கடம். 'மலம்' என்பது நம் வீடுகளில் ஆய்வகத்துச் சீட்டில் வருகிற சொல். வாசலில் நின்று சொல்லும்போது அந்த இடம் வந்ததும் குரல் இறங்கிவிடும். ஒருத்தி "அந்தத் திட்டங்க்கா, டேங்க் திட்டம்" என்று சொல்லிச் சமாளித்தாள். சொல்கிறவரே விழுங்குகிற சொல்லைப் பெயருக்குள் வைப்பதில் பயனில்லை. அதற்காக இறங்கி, 'கக்கூஸ் டேங்க்' என்றும் வைக்க முடியாது. (கக்கூஸ் டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். அதற்கு இங்கே வந்த பிறகு ஏறிய நாற்றம் வேறு.)

ஆனாலும் நான் இந்தப் பெயரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. டெண்டருக்கும் கணக்குக்கும் மன்றத் தீர்மானத்துக்கும் இதுதான் வேண்டும். நாளைக்குத் தணிக்கையில் 'எதற்காகச் செலவு செய்தீர்கள்' என்று கேட்டால் சுருக்கப் பெயர் பதில் சொல்லாது. கோப்புக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று இரண்டு பெயர் வைத்துக்கொள்வதில் எந்த முரணும் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று தீர்மானத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அப்படி எழுதாமல் விட்டால் அலுவலகமே ஒரு சுருக்கத்தைப் பிறப்பித்துக்கொள்ளும். 'மக்களைத் தேடி மருத்துவம்' எவ்வளவு அழகான பெயர்! மருந்து எந்தத் திசையில் நகர்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அதையே களத்தில் 'எம்.டி.எம்.' ஆக்கிவிட்டார்கள். நம் நீளப் பெயருக்கு என்ன கதி ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, ஒரு தமிழாசிரியர் கொடுத்த பெயர்: 'கசடற'.

கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. "கற்க கசடற" தெரியாத தமிழர் உண்டா? நான்கே எழுத்து, வாயில் எங்கும் தடுக்காது, ஒலிபெருக்கியில்கூடத் தெளிவாக விழும். கசடு நீங்க என்பது பொருள், நாம் எடுக்கப் போவதும் கசடுதான். எழுதுகிற ஆளுக்கு இப்படி ஒரு பொருத்தம் வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தால் அதிகம்.

சரி என்று அதையும் சோதித்தோம். எந்த விளக்கமும் சொல்லாமல், 'கசடற திட்டம்' என்று எழுதிக் காட்டி, இது எதற்காக இருக்கும் என்று கேட்டோம். பள்ளிக்கூடத் திட்டம் என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னார்கள். ஒரு பாட்டி மட்டும் "முதியோர் கல்விங்களா?" என்றார். குறளின் நினைவு அவ்வளவு பலமானது. அது இருக்கும் இடத்தில் செப்டிக் டேங்க் நுழையவே முடியாது. அப்புறம், விஷயம் தெரிந்தவுடன் சிலர் முகம் சுளித்தார்கள். வள்ளுவரைக் கொண்டுபோய் இதில் சேர்ப்பதா என்று. இந்த இரண்டாவது காரணத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை, கசடு கசடுதானே. ஆனால் முதல் காரணத்துக்கு மறுப்பே கிடையாது. கேட்டால் விளங்காது, விளக்கினால் ரசிக்கலாம் என்கிற பெயர் கவியரங்கத்துக்குச் சரி. வாசலில் நிற்கிற பணியாளருக்கு விளக்கம் சொல்ல நேரமிருக்காது.

தலைவர் பெயர் வைக்கலாம் என்ற யோசனை சீக்கிரம் முடிந்துவிட்டது. மறைந்த ஒரு தலைவரின் பெயரை ஒரு கவுன்சிலர் சொன்னார். அது லாரியின் பின்பக்கம், குழாய்க்கு மேலே எழுதப்படும் என்றதும் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். சிரித்து விட்டாலும் அதில் ஒரு கணக்கு உண்டு. பேரூராட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, லாரியின் சுற்று மூன்றாண்டு. இரண்டாவது சுற்று முடிவதற்குள் மன்றமே மாறிவிடும். மாறி வருகிறவர்கள் பெயரை மாற்றினால், மக்கள் அது வேறு திட்டம் என்று நினைத்து முதலிலிருந்து சந்தேகப்படுவார்கள். சட்டமும் இந்த விஷயத்தில் ஒரே பக்கமாகச் சாயவில்லை. அரசு விளம்பரங்கள் கட்சிச் சார்பில்லாமல் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் நெறிமுறை வகுத்தது. 'உங்களுடன் ஸ்டாலின்' என்ற பெயரை எதிர்த்த வழக்கில், வாழும் தலைவர்களின் பெயரைப் புதிய திட்டங்களுக்கு வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவை 2025 ஆகஸ்டில் அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டம் அனுமதித்தாலும் எங்கள் சிக்கல் அப்படியேதான் இருந்தது: ஒருவர் பெயரை எழுதினால் எதிர்க்கட்சிக்காரர் வீட்டு கேட் திறக்காது.

'தூய நகரம்', 'நலமான ஊர்' வகைப் பெயர்கள் ஏழெட்டு வந்தன. அவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. குப்பைக்கும் பொருந்தும், கொசு மருந்துக்கும் பொருந்தும், மரம் நடுவதற்கும் பொருந்தும். 'தூய்மை' என்றாலே 'தூய்மை இந்தியா' ஞாபகத்தில் குப்பைக்கூடையைத்தான் எடுத்து வருவார்கள்.

எண் வைத்த பெயரை நான்தான் முன்வைத்தேன்: 'மூணு வருஷ லாரி'. எண் நம் மக்களின் நாக்கில் நன்றாக நிற்கும். தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் வந்தது, 2009-இல் மகாத்மா காந்தி பெயர் சேர்ந்தது. ஆனால் ஊரில் அது எப்போதும் 'நூறு நாள் வேலை'தான். ஆம்புலன்ஸ் என்ற சொல்லையே '108' விழுங்கிவிட்டது. நூற்றியெட்டுத் தேங்காய், நூற்றியெட்டுச் சுற்று என்று ஏற்கெனவே வாயில் பழகிய எண் அது. கழிவுத் தொட்டிப் புகாருக்கான உதவி எண் 14420-ஐ யாரையாவது ஒரே மூச்சில் சொல்லச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

என் யோசனையைப் பொறியாளர் ஒரே கேள்வியில் கவிழ்த்தார். "சின்ன டேங்க், வீட்டில் பத்துப் பேர் என்றால் இரண்டு வருஷத்தில் எடுக்க வேண்டியிருக்கும். மன்றம் நாளைக்கு இடைவெளியை மாற்றினால் பெயரை அழித்து எழுதுவீர்களா?" எண்ணைப் பெயரில் போட்டால் அது வாக்குறுதி ஆகிவிடும். மூன்று வருஷம் ஆகி ஒரு மாதம் தாமதமானால்கூட "பெயரிலேயே சொல்லியிருக்கீங்களே" என்று கேட்பார்கள். ஒப்புக்கொண்டேன். எண் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கட்டும் என்று முடிவானது.

கடைசியாக இரண்டு மிஞ்சின. 'டேங்க் சுத்தம்' ஒன்று, 'முறை லாரி' இன்னொன்று. நிஜமான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

'டேங்க் சுத்தம்' எல்லா வாசல் சோதனையிலும் முதலில் வந்தது. டேங்க் என்றால் எது என்று யாரும் கேட்கவில்லை. (மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியா என்று ஓரிருவர் கேட்டார்கள், அதைப் படம் போட்டுத் தீர்த்துவிடலாம்.) வெளியூரிலிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் தொழிலாளிகளுக்குக்கூட 'டேங்க்' புரிந்தது. எழுத்துப் பிழைக்கு வழியில்லை. நான் ஏறக்குறைய அதற்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தடுத்தவர் ஒரு லாரி ஓட்டுநர். இருபது வருஷமாக இதே தொழில். "சுத்தம்னு போடாதீங்க சார். சுத்தம்னு சொன்னா, உள்ளே இறங்கிக் கழுவச் சொல்லுவாங்க" என்றார். அறையே ஒரு நொடி அமைதியானது.

அவர் சொன்னது அப்படியே உண்மை. லாரி செய்வது உறிஞ்சுவது மட்டும். குழாயை விட்டு, பம்பைப் போட்டு, கசடை இழுத்துக்கொள்ளும். அடியில் கொஞ்சம் விட்டுவைக்கத்தான் வேண்டும், புதிதாக வரும் கழிவை மக்க வைக்கிற நுண்ணுயிர் அதில்தான் இருக்கிறது. ஆக, டேங்க் பளிச்சென்று ஆகாது, ஆகவும் கூடாது. ஆனால் 'சுத்தம்' என்ற சொல்லுக்கு நம் வீட்டில் ஒரே பொருள்தான்: தேய்த்துக் கழுவி, தரை தெரிய வேண்டும். பெயரைப் படித்துவிட்டு மூடியைத் திறந்து பார்க்கிற வீட்டுக்காரர், "என்னப்பா, பாதி அப்படியே கிடக்கு, இறங்கி வழிச்சு விடு, இருநூறு சேர்த்துத் தர்றேன்" என்பார். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு நிற்கும். அழுகிய முட்டை வாடையாகத் தொடங்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, ஆள் அப்படியே விழுந்துவிடுவார். பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதற்குப் பிறகும் இறங்கி இறந்தவர்கள் பற்றிய செய்தி நாம் படிக்காததில்லை. சட்டம் தடுத்ததைத் திட்டத்தின் பெயரே கேட்டு வாங்கித் தருவதா?

தெளிவான சொல்லாகவே இருந்தாலும், செய்யாத வேலையைச் செய்வதாக அது சொல்லிவிடலாம். இந்த ஒரு கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. கேட்கிறவருக்குப் புரிகிறதா என்று மட்டும் சோதித்துக்கொண்டிருந்தோம். புரிந்த பிறகு அவர் என்ன எதிர்பார்ப்பார் என்று யாரும் கேட்கவில்லை.

'முறை லாரி' அந்த ஊர் ஆட்களின் வாயிலிருந்தே வந்தது. கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு விவசாயிக்கு வரிசையை விளக்கிக்கொண்டிருந்தோம். இந்த மாதம் இந்தத் தெரு, அடுத்த மாதம் அந்தத் தெரு என்று. "முறை வெச்சு விடறீங்க, அவ்வளவுதானே?" என்றார். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். குடிதண்ணீரும் அந்த ஊரில் முறைதான், "இன்னைக்கு எங்களுக்குத் தண்ணி முறை" என்று தினமும் சொல்கிறார்கள். கூப்பிட்டு வருவதில்லை, தானாக வரும், தவறவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. நாங்கள் அரைப்பக்க நோட்டீஸில் எழுத முயன்றதும் இதைத்தான். முக்கியமாக, வழிந்தால் எடுப்பது என்ற பழைய எண்ணத்தை அது தொடாமலே ஓரம் தள்ளுகிறது. வாய்க்காலில் முறை வந்தால், வயல் காய்ந்துவிட்டதா என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இதற்கும் குறைகள் உண்டு. எதை எடுக்கிற லாரி என்று பெயர் சொல்வதில்லை. பாசனம் தெரியாத வெளியூர்க்காரருக்கு 'முறை' வெறும் சத்தம். ஒலிபெருக்கி வாசகத்தில் 'முறை லாரி ஒருமுறை வரும்' என்று எழுதிவிட்டு நானே அடித்தேன், இரண்டு முறையும் மோதிக்கொண்டன. பள்ளிப் பையன்கள் 'முறைக்கிற லாரி' என்று பிடித்துக்கொண்டார்கள். முறைமாமன் கேலியும் வந்தது. கேலியைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஆளையோ சாதியையோ தெருவையோ குத்தாத கேலி பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளத்தான் உதவும். குத்துகிறதா என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொண்டோம், லாரியில் வேலை செய்கிறவர்களிடமே. "எங்க வீட்டுல நான் முறை லாரி ஓட்டுறேன்னு சொல்லலாம் சார்" என்றார் அதே ஓட்டுநர். மலக்கசடு லாரி என்றால் சொல்ல முடியாதாம்.

முதல் குறைக்குப் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம். லாரியின் இரண்டு பக்கமும் இப்படி வந்தது:

முறை லாரி
செப்டிக் டேங்க் கசடு உறிஞ்ச – மூன்று ஆண்டுக்கு ஒருமுறை
உள்ளே ஆள் இறங்க மாட்டோம்

மூன்றாவது வரியைப் பெயர்ப் பலகையில் போடுவது வழக்கமில்லை என்று அலுவலகத்தில் தயங்கினார்கள். ஓட்டுநர்கள் பிடிவாதமாக இருந்ததால் வந்தது. படமும் சேர்த்தோம்: மண்ணுக்குக் கீழே ஒரு தொட்டி, அதற்குள் குழாய். மாடித் தொட்டி என்ற சந்தேகம் அதோடு போயிற்று. 'இலவசம்' என்ற சொல்லை எங்கேயும் விடவில்லை, காசு வரியோடு போகத்தான் போகிறது.

தமிழாசிரியர் மட்டும் விடவில்லை. 'லாரி' ஆங்கிலச் சொல்லாயிற்றே, 'முறை வண்டி' என்று வைக்கக் கூடாதா என்றார். நல்ல கேள்விதான், எனக்கும் அந்த ஓசை பிடித்திருந்தது. ஆனால் அந்த ஊரில் 'வண்டி' என்றால் தினமும் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற குப்பை வண்டி. "முறை வண்டி வந்திருக்கு" என்று குரல் கொடுத்துப் பார்த்தோம், மூன்றாவது வீட்டிலிருந்து ஓர் அம்மா பச்சை வாளியை எடுத்துக்கொண்டு வந்தார். லாரி என்றே இருக்கட்டும் என்று ஆசிரியரே சொல்லிவிட்டார்.